இறங்கக் கூடாத கோடு இறங்கினால்

2020 மே 25 அன்று ஸ்பெயின் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கொரோனா அறிக்கையில் மொத்த மரணங்கள் 26,834 என்று இருந்தது. முதல் நாள் அறிக்கையில் அதே கட்டத்தில் இருந்த எண் 28,752. ஒரே நாளில் 1,918 மரணங்கள் கணக்கிலிருந்து போய்விட்டன.

மொத்த மரணங்களைக் காட்டும் கிராஃபுக்கு இருக்கும் ஒரே விதி, அது இறங்கக் கூடாது என்பதுதான். யாரும் இறக்காத நாளில் கோடு படுக்கையாகப் போகலாம். மற்ற நாட்களில் ஏறியே ஆக வேண்டும். மே 25 காலை வரை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அன்று மாலை உலகம் முழுவதும் உள்ள டேஷ்போர்டுகள் ரெஃப்ரெஷ் ஆனபோது ஸ்பெயினின் கோடு மட்டும் செங்குத்தாகச் சரிந்தது.

காரணம் எளிமையானது. அதுவரை ஸ்பெயினின் தன்னாட்சி மாகாணங்கள் ஒவ்வொன்றும் தங்கள் மொத்த எண்ணைக் கூட்டி மாட்ரிட்டுக்கு அனுப்பின. மே மாதத்தில் முறை மாறியது. இனி ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனிப் பதிவு வர வேண்டும். பதிவுகளை ஆள்வாரியாகச் சரிபார்த்தபோது, இரண்டு முறை எண்ணப்பட்டவர்களும், பரிசோதனையில் உறுதியாகாதவர்களும் தெரியவந்தார்கள். அவர்களை நீக்கியதால்தான் எண் குறைந்தது. இதை மூடிமறைப்பு என்று சொல்வதற்கில்லை. கணக்கைத் திருத்தும்போது இப்படி நடக்கத்தான் செய்யும்.

சிக்கல் கணக்கில் இல்லை, கிராஃபில்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அப்போது நாடுவாரியாக வெளியிட்டுவந்த அட்டவணையை உலகமே பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஒரு நாட்டுக்கு ஒரு வரிசை, ஒரு நாளுக்கு ஒரு பத்தி, உள்ளே மொத்த எண்ணிக்கை. தினசரி மரணம் வேண்டுமென்றால் இன்றைய மொத்தத்திலிருந்து நேற்றையதைக் கழிக்க வேண்டும். 26,834இலிருந்து 28,752ஐக் கழித்தால் மைனஸ் 1,918. ஒரு நாளில் மைனஸ் 1,918 பேர் இறந்ததாகத் தூண் பூஜ்ஜியக் கோட்டுக்குக் கீழே தொங்கியது.

ஏழு நாள் சராசரியில் கோளாறு இன்னும் நீண்டது. 1,918ஐ ஏழால் வகுத்தால் 274. மே 25 முதல் மே 31 வரை ஒவ்வொரு நாள் சராசரியிலும் அந்த 274 கழிந்துகொண்டே இருந்திருக்கும். ஜூன் 1 அன்று அந்த மைனஸ் நாள் ஏழு நாள் சாளரத்தை விட்டு வெளியேறியதும் சராசரி திடீரென்று அதே அளவு எகிறும். செய்தி தெரியாமல் கிராஃபை மட்டும் பார்ப்பவருக்கு, ஒரு வாரம் நோய் அடங்கி மீண்டும் வெடித்ததுபோலத் தெரியும். சராசரி சரியாக ஏழு நாள் பள்ளத்தில் கிடந்து எட்டாம் நாள் ஏறினால், அது நோயின் போக்கு அல்ல, ஒற்றை நாள் திருத்தம் என்று கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இந்த மாதிரி நேரத்தில் டேஷ்போர்டு நடத்துபவரின் கை முதலில் போவது ஒட்டுப்போடும் வேலைக்குத்தான். 'கோடு இறங்கக் கூடாது, அவ்வளவுதானே' என்று, அதுவரை வந்த எண்களில் மிகப் பெரியதையே காட்டச் சொல்லி ஒரு வரி எழுதிவிடுவார். பாண்டாஸில் அதற்கு `cummax()` என்று ஆயத்தமாகவே ஒரு கட்டளை இருக்கிறது. ஸ்பெயினில் அதைப் போட்டால் என்ன ஆகும்? கோடு 28,752இல் உறைந்து நிற்கும். உண்மையான எண் 26,834இலிருந்து ஏறி அந்தப் பழைய உயரத்தைத் தாண்டும்வரை நகராது. ஸ்பெயின் அந்த எண்ணைத் தாண்டியது ஆகஸ்டில்தான். இடைப்பட்ட காலம் முழுவதும் ஸ்பெயினில் ஒருவர்கூட இறக்கவில்லை என்று அந்த கிராஃப் சொல்லியிருக்கும். சரிவு கண்ணை உறுத்தும், யாராவது ஒருவர் ஏனென்று கேட்பார். படுத்துக் கிடக்கும் கோட்டைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் இந்த ஒட்டு சரிவைவிட மோசமானது.

மைனஸ் வந்த நாளை மட்டும் பூஜ்ஜியமாக்கிவிடுவது இன்னொரு ஒட்டு. தூண் கீழே தொங்காது, சரி. ஆனால் தினசரித் தூண்களைக் கூட்டினால் வருவதும் மொத்தம் என்று அறிவிக்கப்படுவதும் அன்று முதல் 1,918 வித்தியாசப்படும், என்றைக்கும் ஒத்துப்போகாது. யாரோ ஒருவர் போட்டுவைத்த இந்த ஒட்டைக் கண்டுபிடிக்கவும் அதுதான் வழி: தினசரியைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கணினிக் கண்காணிப்புக் கருவிகளுக்கு இதில் வேறொரு பழக்கம். ப்ரோமிதியஸ் போன்ற மென்பொருளில் எண்ணிக்கை குறைந்தால், சர்வர் மறுபடி தொடங்கியிருக்கிறது, மீட்டர் பூஜ்ஜியத்திலிருந்து மீண்டும் ஓடுகிறது என்றே எடுத்துக்கொள்ளும். சர்வருக்கு அது நியாயம். மரணக் கணக்கை அதில் ஓடவிட்டால், மே 25 அன்று ஒரே நாளில் 26,834 பேர் இறந்ததாகக் கணக்குக் காட்டும். எண் ஏன் குறைந்தது என்பதைக் கருவி ஊகிக்கக் கூடாது, நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உண்மையில் அந்த விதியையே கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். மொத்தக் கோடு இறங்கக் கூடாது என்பது ஒரு பதிப்புக்குள் மட்டும் செல்லும் விதி. மே 24 அன்று கையில் இருந்த முழு வரலாறு ஒரு பதிப்பு, மே 25 அன்று இருந்த முழு வரலாறு இன்னொன்று. இரண்டும் தனித்தனியாக ஏறுமுகமாகவே இருக்கலாம். முதலாவதில் பாதியும் இரண்டாவதில் பாதியும் வெட்டி ஒட்டினால்தான் நடுவில் பள்ளம் விழுகிறது.

இதைத் தெளிவாகக் காட்டுவது பிரிட்டன். இங்கிலாந்தில் பரிசோதனையில் தொற்று உறுதியான ஒருவர், பிறகு எத்தனை மாதம் கழித்து எந்தக் காரணத்தால் இறந்தாலும் கொரோனா மரணமாகவே எண்ணப்பட்டார். குணமாகி வீட்டுக்குப் போய், சாலை விபத்தில் இறந்தவரும் அந்தக் கணக்கில்தான். யூன் லோக், கார்ல் ஹெனகன் என்ற இரு பேராசிரியர்கள் 2020 ஜூலையில் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு அரசு மறுஆய்வுக்கு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 12 அன்று, தொற்று உறுதியாகி 28 நாட்களுக்குள் நேர்ந்த மரணங்களை மட்டுமே எண்ணும் முறை வந்தது. பிரிட்டனின் மொத்தம் 46,706இலிருந்து 41,329 ஆனது. குறைந்தவை 5,377.

இங்கே அரசு கடைசி எண்ணை மட்டும் மாற்றவில்லை, தொடக்கம் முதல் முழு வரிசையையும் புதிய வரையறைப்படி திருத்தி வெளியிட்டது. அன்று முழு வரிசையையும் மறுபடி இறக்கிக்கொண்டவருக்குக் கோடு வழுவழுப்பாக ஏறியது, சரிவே இல்லை. நேற்றுவரை சேமித்துவைத்ததை அப்படியே விட்டு, இன்றைய ஒரு வரியை மட்டும் கடைசியில் சேர்க்கும் வழக்கம் உள்ளவருக்கு 5,377 ஆழத்தில் பள்ளம். அந்தப் பள்ளம் பிரிட்டன் அனுப்பியது அல்ல, இவருடைய நிரலே வெட்டியது. தினமும் முழுக் கோப்பையும் இறக்குவது வீண் வேலை என்று மிச்சம் பிடித்ததன் பலன் இது.

ஆகவே ரெஃப்ரெஷ் என்றால் முழு வரலாற்றையும் மறுபடி எடுப்பது. எடுத்ததும் பழைய கோப்பின் மேல் எழுதாமல் தேதி போட்டுத் தனியாக வைப்பது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மத்திய வங்கி, பொருளாதாரப் புள்ளிவிவரங்களை ஆல்ஃப்ரெட் என்ற காப்பகத்தில் இப்படிப் பதிப்பு பதிப்பாகத்தான் சேமிக்கிறது. ஒரு குறிப்பிட்ட நாளில் ஜிடிபி எவ்வளவு என்று நம்பப்பட்டது என்பதை அங்கே இன்றும் எடுத்துப் பார்க்கலாம். நேற்றைய பதிப்பு கையில் இருந்தால், இன்றையதோடு ஒப்பிட நாலு வரி போதும்:

```python
old = pd.read_csv("2020-08-11.csv", index_col="date")["total"]
new = pd.read_csv("2020-08-12.csv", index_col="date")["total"]
print((new - old).dropna().loc[lambda d: d != 0])
print(new.diff().loc[lambda d: d < 0])
```

முதல் அச்சு, கடந்த காலத்தில் எந்தெந்தத் தேதிகள் மாறின என்று சொல்லும். இரண்டாவது, புதிய பதிப்புக்குள்ளேயே சரிவு இருக்கிறதா என்று சொல்லும். பல தேதிகள் மாறி, உள்ளே சரிவு இல்லையென்றால் அது பிரிட்டன் வகை: புதிய பதிப்பை அப்படியே ஏற்று, வரையறை மாறிய நாளை கிராஃபின் அடியில் குறித்தால் போதும். பழைய தேதி எதுவும் மாறாமல் உள்ளே ஒரே ஒரு மைனஸ் நாள் இருந்தால் அது ஸ்பெயின் வகை. மூலமே திருத்தத்தை ஒரே நாளின் தலையில் கட்டிவிட்டது.

இந்த இரண்டாவது வகைக்கு முழுத் தீர்வு கிடையாது. நீக்கப்பட்ட 1,918 பேர் எந்தெந்த நாளின் கணக்கில் இருந்தார்கள் என்பது அந்த ஒற்றை எண்ணிலிருந்து தெரியாது. சிலர் பழைய எண்கள் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்குவார்கள். 26,834ஐ 28,752ஆல் வகுத்தால் 0.933, எல்லா நாளையும் அதால் பெருக்கினால் கோடு சேர்ந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஆபத்தானது. பிரிட்டனில் இதையே செய்திருந்தால் மார்ச் மாத மரணங்களிலும் ஒன்பதில் ஒன்று போயிருக்கும். தொற்று உறுதியாகி 28 நாள் கடந்து இறந்தவர்களைத்தான் நீக்கினார்கள். நோய் பரவத் தொடங்கிய முதல் வாரங்களில் 28 நாளைக் கடந்தவரே அரிது. திருத்தம் எதனால் வந்தது என்று தெரியாமல் விகிதம் போடுவது, தப்பு செய்யாத மாதத்திடமும் அபராதம் வாங்குவது போன்றது. என் கட்சி இதுதான்: ஸ்பெயின் வகை சரிவை மறைக்காமல் காட்டுங்கள். மொத்தக் கோட்டில் அந்த இடத்தை முறித்துப் புதிய மட்டத்திலிருந்து தொடருங்கள். சராசரியில் அந்த ஒரு நாளை விட்டுவிட்டு மீதி ஆறால் வகுங்கள். எதைச் செய்தீர்கள் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்.

ஏறுமுகத் திருத்தமும் இதே குடும்பம்தான், கண்ணில் படாது என்பது மட்டும் வித்தியாசம். ஸ்பெயினே ஜூன் 7 முதல் 27,136இல் நிறுத்திவைத்த மொத்தத்தை ஜூன் 19 அன்று 28,313 ஆக்கியது. தமிழ்நாட்டில் 2020 ஜூலை 22 அன்று, சென்னையில் முன்பு விடுபட்ட 444 மரணங்களைக் கொரோனா கணக்கில் சேர்த்தார்கள். மொத்தம் 2,626இலிருந்து 3,144 ஆனது. கழித்துப் பார்த்தால் 518. அன்று புதிதாக அறிவிக்கப்பட்டவை 74 மட்டுமே. அரசு இரண்டையும் பிரித்துத்தான் சொன்னது. கழித்தல் மட்டுமே தெரிந்த கிராஃப்களில் அந்த நாள், மறு ஆண்டு வந்த இரண்டாம் அலையின் உச்ச நாட்களுக்கு நிகராக நிற்கிறது. மைனஸ் வந்தால் எச்சரிக்கை அடிக்கும்படி வைத்திருப்பவர்கள், பக்கத்து நாட்களைப்போல் பல மடங்கு உயரும் நாளுக்கும் அதே எச்சரிக்கையை வைத்தாக வேண்டும்.

இறந்த தேதிவாரியாக வரிசை கிடைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். 444 பேரும் அவரவர் இறந்த நாளுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: கடைசிச் சில நாட்களின் பதிவுகள் வந்து சேர்ந்திருக்காது, அதனால் கோட்டின் நுனி எப்போதும் தட்டையாகவே தெரியும், நோய் அடங்கிவிட்டதுபோல. அந்த நுனியைச் சாம்பல் நிறத்தில் போட வேண்டும். எத்தனை நாளுக்குச் சாம்பல் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. சேமித்துவைத்த பதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால், நுனியிலிருந்து பின்னோக்கிப் போகையில் கோடுகள் எந்த நாளில் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றனவோ அதுவரை சாம்பல்.