கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு வைஃபை அறிவிப்பு

கடையின் வைஃபை அறிவிப்பில் முதல் வரி இணைப்பின் பெயர்தான். கடைத்தெருவில் செல்பேசியைத் திறந்தால் மாடி அலுவலகம், பக்கத்து மருந்துக்கடை என்று பத்துப் பெயர்கள் வரும். அதனால் திரையில் தெரியும் எழுத்திலேயே பெயரை அச்சிட வேண்டும். ஒரு பேக்கரியின் அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

```
வைஃபை: Bakery_Guest
கடவுச்சொல்: teabun2468
```

கடவுச்சொல்லுக்குக் குறைந்தது 8 எழுத்து வேண்டும். பூஜ்யமும் O எழுத்தும் ஒன்றுபோல் தெரியும். இரண்டையும் தவிர்த்தால் கல்லாவில் இருப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

தட்டச்சு செய்யத் தயங்குபவர்களுக்குக் கியூஆர் கட்டம் உண்டு. அதற்குள் இருப்பது இந்த ஒரு வரிதான்:

```
WIFI:T:WPA;S:Bakery_Guest;P:teabun2468;;
```

கல்லாவில் ஏற்கெனவே பணம் செலுத்தும் கியூஆர் இருக்கும். வைஃபை கட்டத்தைப் பணம் அனுப்பும் செயலியால் ஸ்கேன் செய்துவிட்டு, வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறையப் பேர். ஆகவே இரண்டையும் தள்ளி ஒட்டி, “செல்பேசி கேமராவால் ஸ்கேன் செய்யவும்” என்று எழுதிவிட வேண்டும். கடவுச்சொல்லை மாற்றினால் கட்டத்தையும் புதிதாக அச்சிட வேண்டும். இது பலருக்கு மறந்துபோகும்.

தருவது ரவுட்டரின் விருந்தினர் இணைப்பாக இருக்க வேண்டும். பில் போடும் கணினியும் கண்காணிப்புக் கேமராவும் வேறு இணைப்பில் இருக்கும்; வாடிக்கையாளரின் செல்பேசி அவற்றை எட்டக் கூடாது.

விதிகள் மூன்று போதும். சட்டவிரோதமான எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பது முதலாவது. இணைப்பு கடைக்காரர் பெயரில் இருப்பதால், விசாரணை வந்தால் முதலில் அவரிடம்தான் கேட்பார்கள். படம் பதிவிறக்கக் கூடாது என்பது இரண்டாவது. இதை எழுதிவைப்பதைவிட ரவுட்டரில் வேக வரம்பு வைப்பதே பலன் தரும், ஏனென்றால் சில செல்பேசிகள் வைஃபை கிடைத்ததும் தாமாகவே புகைப்படங்களை மேலேற்றத் தொடங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது மூன்றாவது.

எல்லாம் சரியாக இருந்தும் மாலையில் சிலருக்கு இணைப்பு கிடைக்காமல் போகலாம். கடவுச்சொல் தவறென்றால் செல்பேசி பெரும்பாலும் அப்படியே சொல்லிவிடும். “ஐபி முகவரி பெறுகிறது” என்ற இடத்திலேயே அது நின்றால் கோளாறு வேறு. ரவுட்டர் ஒவ்வொரு செல்பேசிக்கும் ஒரு முகவரி கொடுக்கிறது. கையில் 50 முகவரிகள், ஒவ்வொன்றுக்கும் 24 மணி நேரத் தவணை என்று அமைத்திருந்தால், காலையில் டீ குடித்துவிட்டுப் போனவரின் முகவரிகூட மறுநாள் காலைவரை அவர் பேரிலேயே கிடக்கும். 51ஆவது ஆளுக்கு எதுவும் மிஞ்சாது. அறிவிப்பை எத்தனை முறை திருத்தி எழுதினாலும் இது தீராது. ரவுட்டர் அமைப்பில் தவணையை ஒரு மணி நேரமாகக் குறைக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் செல்பேசி பாதித் தவணையிலேயே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் அவருக்கு இணைப்பு அறாது. போனவர்களின் முகவரிகள் மட்டும் திரும்ப வந்துசேரும்.