நீலமும் கிழக்கும்: மொழி எண்ணத்தைத் தொடும் இடங்கள்

பேசும் மொழி மாறினால் சிந்தனையும் மாறுமா என்ற கேள்வியோடு இரண்டு பெயர்கள் எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும். ஒருவர் அமெரிக்க மொழியியலாளர் எட்வர்ட் சபீர். மற்றவர் அவருடைய மாணவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். வோர்ஃப் தீக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபடியே மொழிகளை ஆராய்ந்து, 1941-இல் மறைந்தவர். அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் மொழியில் காலத்தைக் குறிக்கும் சொற்களே இல்லை, அதனால் அவர்கள் காலத்தை வேறு விதமாக உணர்கிறார்கள் என்று அவர் எழுதினார். அந்த மொழியில் காலச் சொற்கள் ஏராளமாக இருப்பதை எக்கெஹார்ட் மலோட்கி 1983-இல் ஒரு பெரிய நூலாகவே எழுதிக் காட்டினார். வோர்ஃபின் சான்று விழுந்தாலும் கேள்வி விழவில்லை. அதைச் சோதித்துப் பார்க்க ஆய்வாளர்கள் அதிகம் நாடிய இரண்டு இடங்கள் நிறமும் திசையும்.

வானவில்லில் நிறங்களுக்கு நடுவே கோடு கிடையாது. எங்கே ஒரு பெயர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு மொழியும் ஓரளவு தன் போக்கில் வைத்துக்கொள்கிறது. தமிழில் வானமும் நீலம், நீல மையும் நீலம். வேறுபடுத்த வேண்டுமானால் வெளிர்நீலம், கருநீலம் என்று ஒட்டுப்போட்டால் போதும். ரஷ்ய மொழியில் அப்படிச் சொல்ல வழியில்லை. வெளிர்நீலம் ‘கொலுபோய்’, கருநீலம் ‘சீனி’. இரண்டையும் சேர்த்துச் சுட்டும் பொதுப்பெயர் அன்றாடப் பேச்சில் கிடையாது.

இந்தப் பிரிவினை கண்ணுக்கு ஏதாவது செய்கிறதா என்று ஜொனதன் வினாவர், லெரா பொரொடிட்ஸ்கி முதலியோர் பார்த்தார்கள். முடிவு 2007-இல் வெளியானது. வெளிரிலிருந்து கரியதுவரை 20 நீலச் சாயல்கள் எடுக்கப்பட்டன. திரையில் மேலே ஒரு சதுரம், கீழே இரண்டு. கீழே உள்ள இரண்டில் எது மேலே உள்ளதைப் போலவே இருக்கிறது என்று கண்டு பொத்தானை அழுத்த வேண்டும். மூன்றும் கண் முன்னே இருப்பதால் நினைவாற்றலுக்கு வேலையில்லை; அளக்கப்படுவது வேகம் மட்டுமே. கொலுபோய் எங்கே முடிந்து சீனி எங்கே தொடங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் சற்று மாறும். அதனால் ஒவ்வொருவரின் எல்லையும் தனித்தனியே குறித்துக்கொள்ளப்பட்டது. கீழே இருந்த இரு நீலங்களும் எல்லைக்கு இப்புறமும் அப்புறமுமாக விழுந்தபோது ரஷ்யர்கள் விரைவாகப் பதில் சொன்னார்கள். இரண்டும் ஒரே பெயருக்குள் அடங்கியபோது தாமதித்தார்கள். ஆங்கிலம் பேசுவோரிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை.

ஆய்வின் உயிர்நாடி அடுத்த படியில் இருக்கிறது. அதே சோதனையின்போது ஓர் எண் வரிசையை மனத்துக்குள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும்படி கேட்டார்கள். ரஷ்யர்களின் வேக ஆதாயம் மறைந்துவிட்டது. எண்ணுக்குப் பதிலாகக் கட்டங்களால் ஆன ஒரு படத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னபோது மறையவில்லை. ஆக, ரஷ்யர்களின் கண் வேறு விதமாக அமைந்துவிடவில்லை. பார்க்கும் அந்தக் கணத்திலேயே சொல் உள்ளே ஒலித்துத் தீர்ப்புக்குக் கைகொடுக்கிறது. நாக்குக்கு வேறு வேலை கொடுத்தால் அந்த உதவி நின்றுபோகிறது. வேறுபாடும் நொடியில் ஒரு சிறு பின்னம்தான். பெயரில்லாத நிறம் கண்ணுக்கே தெரியாது என்று சிலர் பரப்பும் கதைக்கு இதில் இடமே இல்லை.

திசைச் சொற்களில் விளைவு இதைவிடப் பெரியது. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் ஹோப்வேல் என்ற ஊரில் பேசப்படும் மொழி கூகு யிமிதிர். இடக்கை, வலக்கை என்று கைகளுக்குப் பெயர் உண்டு. பொருள்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல அவை உதவா. காலருகே எறும்பு ஊர்ந்தாலும் அது வடக்கிலோ கிழக்கிலோதான் ஊரும். அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் தம் படகு கவிழ்ந்த கதையை 1980-இல் ஜான் ஹேவிலண்ட் என்ற ஆய்வாளரிடமும், இரண்டு ஆண்டு கழித்து ஸ்டீஃபன் லெவின்சனிடமும் சொன்னார். முதல் முறை மேற்கு பார்த்து உட்கார்ந்திருந்தார். படகு புரண்டதைக் காட்டக் கைகளைத் தமக்கு முன்னால் உருட்டினார். இரண்டாம் முறை வடக்கு பார்த்திருந்தார். கைகள் வலமிருந்து இடமாக உருண்டன. இரண்டு முறையும் படகு கிழக்கிலிருந்து மேற்காகவே புரண்டது.

இதைப் பல மொழியினரிடமும் ஒப்பிட லெவின்சன் குழு ஓர் எளிய சோதனையை வைத்தது. வடக்கு பார்த்து நிற்பவர் முன் மேசையில் மூன்று பொம்மை விலங்குகள் வரிசையாக, எல்லாம் அவருடைய வலப்பக்கம், அதாவது கிழக்கு, நோக்கி வைக்கப்படும். பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டபின் அவரைத் திருப்பி, தெற்கு பார்த்தபடி இன்னொரு மேசைக்குக் கூட்டிப்போவார்கள். ‘முன்பு இருந்த மாதிரியே வையுங்கள்’ என்பார்கள். மீண்டும் வலப்பக்கம் நோக்கி வைத்தால் விலங்குகள் இப்போது மேற்கு பார்க்கும். அவர் தம் உடலை வைத்து நினைவில் கொண்டவர். இடப்பக்கம் நோக்கி வைத்தால் விலங்குகள் கிழக்கையே பார்க்கும். அவர் திசையை வைத்து நினைவில் கொண்டவர். நெதர்லாந்துக்காரர்கள் பெரும்பாலும் முதல் வகையாகச் செய்தார்கள். மலைச்சரிவின் மேல்புறம், கீழ்புறம் என்று இடம் சொல்லும் மெக்சிகோவின் தெனெஹாபா மக்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. சோதனையின்போது யாரும் திசையைப் பற்றி வாய் திறக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் வலு.

இந்த ஒப்பீட்டில் தமிழும் இருந்தது. எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் வேலை செய்து, நகரத்தார் கைப்பொருள்களின் இடத்தை இடது, வலது என்று சொல்வதையும், கிராமத்தார் வடக்கு, தெற்கு என்று சொல்வதையும் பதிவு செய்தார். ‘சொம்பை வடக்கால நகர்த்து’ என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. இலக்கணம் ஒன்று, சொற்களும் இருவருக்கும் தெரிந்தவை. மாறுவது எதை வழக்கமாக எடுத்தாள்கிறார்கள் என்பது மட்டும். ஆகவே மொழி என்பதைவிட மொழிப் பழக்கம் என்று பேசுவதே சரி என்ற முடிவுக்கு இந்தத் தமிழ்ச் சான்று வலுச் சேர்க்கிறது.

ஆனால் நகரமும் கிராமமும் பேச்சில் மட்டுமா வேறுபடுகின்றன? திறந்தவெளியில் உழைப்பவருக்குச் சூரியனும் மலையும் எப்போதும் கண்ணில் படுகின்றன. சுவர்களுக்குள் வாழ்பவருக்கு அப்படியில்லை. பெக்கி லியும் லைலா கிளைட்மனும் 2002-இல் இதே கேள்வியை எழுப்பினார்கள். அமெரிக்க மாணவர்களிடமே, மேசையருகே ஒரு தெளிவான அடையாளப் பொருளை வைத்தால் விடை மாறுவதைக் காட்டி, காரணம் மொழியல்ல, சூழல்தான் என்றார்கள். அந்த அடையாளம் சோதிப்பது திசையறிவை அல்ல, பொருளுக்குப் பொருள் உள்ள உறவைத்தான் என்று லெவின்சன் குழு அதே ஆண்டில் மறுத்தது. மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் எது முந்தியது, வாழ்க்கையா பேச்சா என்பதைப் பொம்மை விலங்குகளால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது.

‘முன்பு இருந்த மாதிரியே’ என்ற கட்டளைக்கு இரண்டு சரியான விடைகள் உண்டு என்பதும் ஒரு சிக்கல். சோதனை காட்டுவது ஒருவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை. எதைச் செய்ய இயலாது என்பதை அல்ல. 2011-இல் வெளியான ஆய்வில் லி குழுவினர் தெனெஹாபா மக்களுக்கே, தம் உடலை வைத்து இடத்தைக் கணித்தால் மட்டுமே சரியாக வரும் சோதனைகளைக் கொடுத்தார்கள். இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்ததால் அவர்கள் அவற்றை நன்றாகவே செய்து முடித்தார்கள்.