தலையில் போடும் ஊசிக்குள் என்ன இருக்கு?

எங்கள் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு முடி கொட்டுவதில்தான் வந்து நிற்கும். உப்புத் தண்ணி, நைட் ஷிப்ட் என்று ஆளுக்கொரு காரணம். எங்கள் மாடி வீட்டுப் பெண் கல்யாணமாகி ஆறு மாதமானவள். 'மீசோதெரபி' ஊசி போடப் போகிறேன் என்று துணைக்கு என்னையும் கூப்பிட்டாள்.

மெல்லிய ஊசியால் மண்டைத் தோலில் இடம் இடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து ஏற்றுவதுதான் இது. 1952-ல் பிரான்சு நாட்டு டாக்டர் பிஸ்டோர் தொடங்கி வைத்த முறை. இதற்கென்று ஒரே மருந்து கிடையாது. பயோட்டின், பாந்தெனால் போன்ற வைட்டமின்களை இடத்துக்கு இடம் ஒவ்வொரு விதமாகக் கலக்கிறார்கள். சிலர் டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு என்ற மருந்துகளையும் சேர்க்கிறார்கள்.

அங்கே சிரிஞ்சில் மருந்தை ஏற்றியே கொண்டு வந்தார்கள். "பாட்டிலைக் காட்டுங்கம்மா" என்றேன். "எல்லாம் வைட்டமின்தான்க்கா" என்றார்களே தவிர, காட்டவில்லை. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

ஏன் அவ்வளவு பிடிவாதம் என்கிறீர்களா? டூட்டாஸ்டெரைடு வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கக் கூடியது. உடம்பை விட்டுப் போகவும் மாதக் கணக்காகும். அந்த மாத்திரை சாப்பிட்டவர்கள் நிறுத்தி ஆறு மாதம் வரை ரத்த தானமே செய்யக் கூடாது என்பார்கள். பிள்ளை பெற இருக்கிறவள், பெயர் தெரியாத மருந்தை எப்படி ஏற்றிக் கொள்வது?

பாட்டிலைக் காட்டினால் மருந்தின் பெயர், உற்பத்தி லைசென்ஸ் எண், காலாவதி தேதி மூன்றையும் படியுங்கள். 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று போட்டிருந்தால் அது ஊசிக்கு ஆகாது. சீலை உங்கள் கண் முன்னால்தான் உடைக்க வேண்டும். சுத்தமில்லாத ஊசியால் ஒரு வகைக் கிருமி தோலுக்குள் போய்விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்துக் கட்டி கட்டியாகக் கிளம்பும். சாதாரண ஆன்டிபயாடிக்குக்குக் கேட்காது. அப்படி வந்தால், ஊசி போட்டதைச் சொல்லித் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பயோட்டினிலும் ஒரு சிக்கல் உண்டு. நமக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம்தான். முடிக்கென்று கொடுப்பது மில்லிகிராம் கணக்கில். இது ரத்தத்தில் அதிகமிருந்தால் சில லேப்களில் தைராய்டு டெஸ்ட் தப்பாக வரும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-லேயே எச்சரித்தது. டி.எஸ்.எச். அளவு உள்ளதை விடக் குறைவாகக் காட்டும். தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, அதை நம்பி மாத்திரையைக் குறைத்துவிட்டால் முடி இன்னும்தான் கொட்டும்! ரத்தம் கொடுக்குமுன் லேபில் சொல்லுங்கள். டாக்டரைக் கேட்டு, குறைந்தது இரண்டு நாளாவது பயோட்டினை நிறுத்தி வையுங்கள்.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு டாக்டர் முதலில் எழுதிக் கொடுத்தது ரத்தப் பரிசோதனைதான். ரத்தத்தில் இரும்புச் சத்து ரொம்பக் கம்மி. இப்போது அதற்குத்தான் மாத்திரை சாப்பிடுகிறாள்.

- ஒரு வாசகி, ஒரகடம்