கூடத்தை அகலமாக்கும் முன் கூரையைப் பாருங்கள்

ஸ்ரீரங்கத்து உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் உள்ள பழைய வீடுகள் அகலம் குறைந்தவை; வாசலிலிருந்து கொல்லை வரை நீண்டு போகிறவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இன்று அங்கே குடியிருப்பவர்களுக்குக் கூடம் போதவில்லை. கூடத்துக்கும் பக்கத்து உள்ளுக்கும் நடுவே நிற்கும் சுவரை எடுத்துவிட்டால் விசாலமாக இருக்கும் என்று தோன்றுகிறது. முன்சுவரைத் தட்டிக் கடை வைக்கலாம், கார் விடலாம் என்று வேறு சிலர் யோசிக்கிறார்கள். காவிரிக்குத் தென்கரையில் தில்லைநகரில் கீழ்த்தளம் கிளினிக் ஆகும்போதும் இதே யோசனைதான் வருகிறது. எங்கே இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சுவரின் தலையில் என்ன உட்கார்ந்திருக்கிறது?

பழைய வீட்டில் இதற்கான விடை கண்ணெதிரே இருக்கிறது. அண்ணாந்து பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் தளம் என்றால் வரிசையாக மரக்கட்டைகள் ஓடும். அவற்றின் மேல் சிறு செங்கல்களை மூலைவாட்டில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் கோத்திருப்பார்கள். அந்தக் கட்டைகள் எந்தத் திசையில் போகின்றன, அவற்றின் முனை எங்கே முடிகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கட்டைகளின் முனைகள் நீங்கள் எடுக்க நினைக்கும் சுவருக்குள் நுழைந்திருந்தால் அது தாங்குசுவர். நடுச்சுவராக இருந்தால் கூடத்துக் கட்டைகளும் உள்ளின் கட்டைகளும் இரு பக்கமிருந்தும் வந்து அதன்மேல் படுத்திருக்கும். அதாவது இரண்டு அறைகளின் தளத்தில் பாதிப் பாதி அந்த ஒரு சுவர்மேல் இருக்கிறது.

கட்டைகள் சுவருக்கு இணையாக ஓடினால் அவற்றின் பாரம் அந்தச் சுவரில் இல்லை. ஆனால் அதோடு முடிவு கட்டிவிடக் கூடாது. பெரிய உத்திரம் ஒன்று குறுக்கே வந்து அந்தச் சுவரில் முனை வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உத்திரம் பல கட்டைகளின் பாரத்தை ஒரே புள்ளியில் கொண்டுவந்து இறக்கும். அந்தப் புள்ளிக்குக் கீழே உள்ள செங்கல் வரிசைகளைத் தொடவே கூடாது. பொய்க்கூரை போட்டு மறைத்திருந்தால், அதில் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் எதையும் பேச வேண்டும்.

வரிசை வீடுகளில் பக்கச்சுவர் பல இடங்களில் பொதுச்சுவர். உங்கள் கட்டை இந்தப் பக்கமிருந்தும் பக்கத்து வீட்டுக் கட்டை அந்தப் பக்கமிருந்தும் அதே சுவரில் முனை வைத்திருக்கும். அதில் அலமாரிக்காகக் குடைவதுகூட அவர்கள் வீட்டுத் தளத்தில் கை வைப்பதுதான்.

1970களிலும் 80களிலும் கட்டிய கான்கிரீட் தளம் போட்ட வீடுகளில்தான் சிக்கல் அதிகம். தளம் சமதட்டையாக இருக்கும். எந்தப் பக்கம் பாரம் இறங்குகிறது என்பதை அது காட்டாது. அறை மூலைகளில் தூண் துருத்திக்கொண்டிருக்கிறதா, தளத்துக்கு அடியில் பீம் தொங்குகிறதா என்று பாருங்கள். தூணும் பீமும் முறையாக இருந்தால் நடுச்சுவர்கள் வெறும் தடுப்பாக இருக்க வாய்ப்புண்டு. இரண்டுமே இல்லையென்றால் அந்த வீட்டைத் தாங்குவது சுவர்கள்தான். வாசல்நிலை அருகே சுவரின் தடிமனை அளந்து, இரு பக்கப் பூச்சையும் கழித்துப் பாருங்கள். ஒன்பது அங்குலம் இருந்தால் அது பாரம் தாங்குகிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மாடிக்குப் போய் அதே இடத்தில் மேலேயும் சுவர் எழும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு சோதனை உண்டு. சுவர் தளத்தைத் தொடும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சை மெதுவாகக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். தளம் போட்டு முடித்த பிறகு எழுப்பிய தடுப்புச்சுவராக இருந்தால், கடைசிச் செங்கல் வரிசைக்கும் தளத்துக்கும் நடுவே உள்ள சந்தில் கலவையைத் திணித்து அடைத்திருப்பது தெரியும்; பல வீடுகளில் அந்தக் கோட்டிலேயே மயிரிழை வெடிப்பும் ஓடும். தாங்குசுவரில் இந்தத் திணிப்பு இருக்காது. சுவரின் தலையைச் சமப்படுத்தி, அதன்மேலேயே கான்கிரீட் ஊற்றியிருப்பார்கள்.

பாரம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். சுவரின் நீளம் 10 அடி. ஒரு பக்கம் 12 அடி அகலக் கூடம், மறுபக்கம் 10 அடி அகல அறை. இரண்டிலும் பாதியைக் கூட்டினால் 11 அடி; ஆக 110 சதுர அடித் தளம் இந்தச் சுவரை நம்பி நிற்கிறது. ஐந்து அங்குலக் கான்கிரீட், அதன்மேல் சுருக்கி, தட்டோடு, ஆள் நடமாட்டம் எல்லாம் சேர்ந்து சதுர அடிக்குச் சுமார் 60 கிலோ என்று கொள்ளலாம். மொத்தம் ஆறரை டன். மேலே இதேபோல் ஒரு மாடியும் ஒன்பது அங்குலச் சுவரும் இருந்தால் 15 டன்னைத் தாண்டிவிடும்.

பாரம் மட்டுமல்ல, கம்பியின் இடமும் சேர்ந்துதான் ஆபத்தை உண்டாக்குகிறது. இரண்டு அறைகளுக்கும் தொடர்ந்து போடப்பட்ட தளம் நடுச்சுவருக்கு மேலே மேல்முகத்தில்தான் இழுபடும். அதனால் அங்கே முக்கியமான கம்பி மேல்பக்கம் இருக்கும். சுவரை எடுத்ததும் அதே இடம் 22 அடித் தளத்தின் நடுவாகிறது. இப்போது இழுபடுவது அடிமுகம். அங்கே போதிய கம்பி இல்லை. வளைக்கும் விசையோ, தனித்த 12 அடித் தளத்தோடு ஒப்பிட்டால்கூட, மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். இடித்த அன்றே தளம் விழ வேண்டும் என்பதில்லை. மற்ற சுவர்களைப் பிடித்துக்கொண்டு சில நாள் நிற்கும், மெல்லத் தொய்யும், அடியில் நடுவாக வெடிப்பு நீளும், கதவுகள் நிலையில் இறுகும். "இடிச்சு ஒரு வாரம் ஆச்சு சார், ஒண்ணும் ஆகலையே" என்று மேஸ்திரி சொல்வதை இதனால்தான் ஏற்கக் கூடாது.

மும்பை காட்கோபரில் 2017 ஜூலை 25 அன்று நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று சரிந்து 17 பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்தில் மாற்றம் செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதில் தூண்களில் கை வைத்தார்கள் என்று குடியிருந்தவர்கள் குற்றம்சாட்டினார்கள். தூண் இல்லாத செங்கல் வீட்டில் அந்தத் தூணின் வேலையைச் செய்வது கீழ்த்தளத்துச் சுவர்தான்.

"இது நாலரை இஞ்ச் சுவர்தான், தட்டிடலாம்" என்ற பேச்சையும் அப்படியே நம்ப முடியாது. செலவைக் குறைக்க நாலரை அங்குலச் சுவர்மேலேயே தளம் போட்ட சிறு வீடுகள் உண்டு. தளம் நாளடைவில் லேசாகத் தொய்ந்து, ஒருகாலத்தில் வெறும் தடுப்பாக இருந்த சுவர்மேல் உட்கார்ந்துவிடுவதும் உண்டு. இன்னும் சில சுவர்கள் பாரம் தாங்காவிட்டாலும், நீளமான வெளிச்சுவர் பக்கவாட்டில் சாயாமல் அணைத்துப் பிடித்திருக்கும். தட்டிப் பார்த்து ஓசையை வைத்துச் சொல்வதெல்லாம் ஊகம். தடித்த பூச்சு எந்தச் சுவரையும் கனமாக ஒலிக்கச் செய்யும்.

தாங்குசுவரை எடுக்கவே முடியாது என்றில்லை. இரு பக்கமும் தளத்துக்கு முட்டுக் கொடுத்து, சுவரின் இடத்தில் கணக்குப் பார்த்த இரும்பு பீமோ கான்கிரீட் பீமோ ஏற்ற வேண்டும். சுவரின் நீளம் முழுக்கப் பரவியிருந்த பாரம் இனி பீமின் இரண்டு முனைகளில் மட்டும் இறங்கும். அங்கே தூணும் அதற்கேற்ற அடித்தளமும் வேண்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஆற்று மண்ணில் நிற்கும் ஸ்ரீரங்கத்தில் இந்தக் கடைசி வேலையைச் சிக்கனம் பிடிக்கவே கூடாது. பீம் மட்டும் வைத்துவிட்டுப் பழைய சுவரின் துண்டில் முனையைச் செருகி விடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சுவருக்குள் நுழையும் கட்டையின் முனை, சுவரின் ஒன்பது அங்குலத் தடிமன், மாடியில் அதே கோட்டில் நிற்கும் சுவர் ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் வேலையை நிறுத்திவையுங்கள். கட்டுமானக் கணக்குத் தெரிந்த பொறியாளர் நேரில் வந்து பார்த்து, எழுத்தில் வரைபடம் தந்த பிறகு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.