ஆட்குறைப்புச் செய்திக்குப் பின் எழுத வேண்டிய மின்னஞ்சல்

நேர்முகத் தேர்வு முடிந்து முடிவுக்குக் காத்திருக்கும் நேரத்தில், அந்த நிறுவனம் ஆட்களைக் குறைக்கிறது, புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது என்று செய்தி வந்தாலும் வாய்ப்பு முழுவதும் போய்விடுவதில்லை. இத்தகைய நிறுத்தத்தில் பெரும்பாலும் முதலில் முடங்குபவை புதிதாக உருவாக்கவிருந்த பணியிடங்கள். விலகிச் சென்றவரின் இடமும், வாடிக்கையாளர் பணம் தரும் திட்டத்துக்கான இடமும் தனி ஒப்புதல் பெற்று நிரப்பப்படுவதுண்டு. ஆகவே, நிறுவனத்தின் நிலையை விசாரிப்பதால் பயனில்லை. அந்த ஒரு பணியிடத்துக்கான ஒப்புதல் இன்னும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. 2022 நவம்பரில் மெட்டா 11,000க்கும் மேற்பட்டவர்களை நீக்கியபோது, ஆளெடுப்புப் பிரிவே கூடுதலாகப் பாதிக்கப்படும் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஆண்டு குறைவாக ஆள் எடுப்பதென்றால் எடுப்பவர்களும் குறைவாகப் போதும் என்பதே காரணம். இதுவரை தொடர்பில் இருந்த எச்.ஆர். அலுவலரே வேலை இழந்திருக்கலாம். மின்னஞ்சல் திரும்பி வந்தாலோ ஒரு வாரம் பதில் இல்லாவிட்டாலோ, நேர்முகம் நடத்திய மேலாளருக்கு எழுதுவது முறையே.

செய்தி வந்த அன்றே எழுதினால் அவர்களிடமும் பதில் இருக்காது. மூன்று நான்கு வேலை நாள் பொறுப்பது நல்லது. கையில் வேறு ஆஃபர் இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

சென்னையில் மென்பொருள் சோதனையாளராக இருக்கும் ஒருவர் கடைசிச் சுற்றை முடித்திருக்கிறார். இன்னொரு நிறுவனத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். தலைப்பில் பதவியின் பெயரும் பணி எண்ணும் இருக்க, அவர் திங்களன்று இப்படி எழுதலாம்:

“வணக்கம். 12ஆம் தேதி இறுதிச் சுற்றில் கலந்துகொண்டேன். நிறுவனத்தின் அண்மை அறிவிப்பைப் படித்தேன். உங்கள் குழுவுக்கு இது கடினமான நேரம் என்பது புரிகிறது. இந்தப் பணியிடம் தொடர்கிறதா, நிறுத்திவைக்கப்பட்டுள்ளதா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். வேறொரு நிறுவனத்துக்கு வெள்ளிக்குள் பதில் தர வேண்டியிருக்கிறது. என் விருப்பம் இன்னும் உங்கள் நிறுவனமே.”

இல்லாத ஆஃபரை இருப்பதாக எழுதக் கூடாது. “அப்படியானால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று பதில் வந்தால் இரண்டுமே போய்விடும்.

பதிலில் தேதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். “அடுத்த காலாண்டில் மறுபரிசீலனை” என்றால் அப்போது மீண்டும் எழுத இடமிருக்கிறது. “பரிசீலனையில் உள்ளது” என்று மட்டும் வந்தால், கையில் உள்ள ஆஃபரை ஏற்பதே பாதுகாப்பு. “ஒப்புதல் கிடைத்துவிட்டது” என்று வாய்மொழியாகச் சொன்னதை நம்பி ராஜினாமா செய்வது ஆபத்து. ஆஃபர் லெட்டர் வந்த பிறகும் சேரும் தேதி தள்ளிப்போனது உண்டு. ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் காலம் 90 நாள்; அதற்குள் நிலைமை மாறக்கூடும். சேரும் தேதியை எழுத்தில் உறுதிசெய்து வாங்கிய பிறகே பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்க வேண்டும். நோட்டீஸ் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அதே தேதியை இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.