கீமோ அன்றைக்கு மீன் குழம்பு வேண்டாம்

கீமோ ஏற்றிக்கொண்டு வரும் அம்மாவுக்குப் பிடிக்குமே என்று மீன் குழம்பு வைத்துக் காத்திருக்கும் வீடுகள் உண்டு. வாசலிலேயே தாளிப்பு வாசனை முகத்தில் அடிக்க, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறார். அதோடு போவதில்லை. பிறகு குமட்டல் இல்லாத நாளிலும் அந்தக் குழம்பின் பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கிறார்.

இலீன் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1978-இல் இதைக் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்து எழுதினார். கீமோவுக்குச் சற்றுமுன் புதுச் சுவை ஐஸ்கிரீம் சாப்பிட்ட பிள்ளைகள், பின்னாளில் அதை மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக ஒதுக்கினார்கள். குமட்ட வைத்தது மருந்து. உடம்போ பழியை உணவின் மேல் போட்டுவிடுகிறது.

அதனால் கீமோ அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாட்களும் பிடித்த உணவைக் கண்ணில் காட்டாமல் இருப்பதே நல்லது. அப்போதைக்குக் கஞ்சி போதும். அரை டம்ளர் அரிசி நொய்யையும் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பையும் லேசாக வறுத்து, நாலைந்து டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, உப்பும் ஒரு ஸ்பூன் நெய்யும் சேர்க்க வேண்டும். தாளிக்க வேண்டாம். ஆவி பறக்கும்போது மணம் தூக்கலாக இருக்கும் என்பதால் ஆறவிட்டே கொடுக்க வேண்டும். அரை டம்ளர் போதும். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு அரை டம்ளர். நிறைய ஊற்றி நீட்டினால் பார்த்ததுமே வேண்டாம் என்பார்கள். வாந்தி மாத்திரையை மருத்துவர் சொன்ன நேரத்துக்குச் சரியாகக் கொடுப்பதும் முக்கியம்.

குமட்டல் அடங்கியபின் நாக்கு மக்கர் செய்யும். சுவை மொட்டுகளின் செல்கள் வேகமாகப் புதுப்பித்துக்கொள்பவை. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் மருந்துக்கு அவையும் தப்புவதில்லை. தண்ணீர்கூடத் துருப்பிடித்த இரும்புபோல இருக்கிறது என்பார்கள். எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்பூன், பீங்கான் கிண்ணம் வைத்தால் சிலருக்கு அது குறைகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடாவும் கரைத்து, சாப்பிடுமுன் வாய் கொப்பளிக்கலாம். கறி கசந்தால் முழுக்க வெந்த முட்டையோ பனீரோ கொடுக்கலாம். வாயில் புண் இல்லையென்றால் எலுமிச்சம்பழச் சாதம் இறங்கும்.

ஆறியது நல்லது என்பதற்காக எல்லோருக்கும் ஜில்லென்று கொடுத்துவிடக் கூடாது. ஆக்சாலிபிளாட்டின் மருந்து ஏறியவர்களுக்குச் சில நாட்கள் குளிர்ந்த மோர் பட்டாலே தொண்டை இறுகும், விரல் நுனி குத்தும். பழைய சோறும் வேண்டாம்; வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது இரவெல்லாம் ஊறிய சோற்றில் வளரும் கிருமியே ஆபத்தாகலாம். தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் கஞ்சி வைத்துப் பார்க்கும் நேரமல்ல, உடனே மருத்துவமனைக்குக் கூப்பிட வேண்டும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்றால், அடுத்ததற்கு முந்தைய வாரத்தில் பலருக்கும் வாய் கொஞ்சம் தெளியும். மீன் குழம்பை அப்போது வைக்கலாம். பக்கத்து வீட்டு அடுப்பில் கொதிக்கவைத்து, வாசனை அடங்கியபின் எடுத்து வந்தால் இன்னும் நல்லது.