நாட்டைக் காட்டிக்கொடுத்த புகைப்படம்

2012 டிசம்பர் தொடக்கத்தில் ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தார். ஆன்டிவைரஸ் மென்பொருளுக்குத் தன் பெயரையே வைத்து உலகம் முழுக்க விற்றவர் அவர். மத்திய அமெரிக்காவில் உள்ள பெலீஸ் என்ற சிறிய நாட்டில் வசித்துவந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கொலை செய்யப்பட்ட வழக்கில் அவரை விசாரிக்க வேண்டும் என்று அந்நாட்டுப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. ‘வைஸ்’ பத்திரிகையின் ஆட்கள் மட்டும் அவருடனேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 3-ஆம் தேதி, அவருடன் இருப்பதைப் பெருமையடித்துக்கொள்ளும் தலைப்போடு அந்தப் பத்திரிகை ஒரு படத்தை இணையத்தில் போட்டது. செய்தியில் ஊர்ப் பெயர் இல்லை, நாட்டின் பெயரும் இல்லை. ஆனால் ஐபோன் 4எஸ்-இல் எடுத்த அந்தப் படத்தைச் சுத்தம் செய்யாமல் அப்படியே ஏற்றிவிட்டார்கள். யாரோ அந்தக் கோப்பைத் தரவிறக்கித் திறந்து பார்த்தார்கள். மெக்காஃபி பெலீஸில் இல்லை, எல்லை தாண்டி குவாத்தமாலாவுக்குப் போய்விட்டார் என்பது உலகத்துக்கே தெரிந்துபோனது.

திறந்தவர்கள் பார்த்தது என்ன? செல்போன் படம் எடுக்கும்போது, ஜேபெக் கோப்பின் தொடக்கத்தில் எக்ஸிஃப் என்ற குறிப்புப் பகுதியையும் சேர்த்து எழுதுகிறது. எந்த போன், எந்த நேரம், எவ்வளவு வெளிச்சம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், ஜிபிஎஸ் சொன்ன இடமும் அங்கே பதிவாகும். ‘குவாத்தமாலா’ என்ற பெயர் அதில் இருக்காது. இருப்பவை முக்கியமாக நான்கு விவரங்கள்: அட்சரேகை எண், அது வடக்கா தெற்கா என்று ஓர் எழுத்து, தீர்க்கரேகை எண், அது கிழக்கா மேற்கா என்று ஓர் எழுத்து. மெக்காஃபி படத்தில் இருந்தவை: 15 டிகிரி 39 நிமிடம் 29.4 வினாடி, N. 88 டிகிரி 59 நிமிடம் 31.8 வினாடி, W.

வரைபடத்தில் தேட இவற்றைத் தசம எண்ணாக்குவது வசதி. நிமிடத்தை 60-ஆலும் வினாடியை 3600-ஆலும் வகுத்து டிகிரியோடு கூட்ட வேண்டும்.

```
15 + 39/60 + 29.4/3600 = 15.65817
88 + 59/60 + 31.8/3600 = 88.99217
```

பலரும் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த படியில்தான். தெற்கு என்றாலும் மேற்கு என்றாலும் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். இங்கே மேற்கு என்பதால் இரண்டாவது எண் -88.99217. அந்தக் குறியை மறந்துவிட்டு 15.65817, 88.99217 என்று வரைபடத்தில் கொடுத்துப் பாருங்கள்: ஆந்திரக் கடற்கரைக்கும் அந்தமானுக்கும் நடுவே, வங்காள விரிகுடாவில் போய் நிற்பீர்கள். கடலில் விழுந்ததால் தப்பு உடனே தெரிகிறது. வேறு படத்தில் அது இன்னொரு நாட்டின் தரையில் விழுந்திருந்தால் சந்தேகமே வராது. விண்டோஸில் கோப்பின் விவரப் பக்கம் இந்த எண்களைக் காட்டும், ஆனால் திசை எழுத்தைக் காட்டாது. அதை மட்டும் பார்த்து நாட்டைச் சொல்வது ஆபத்து. எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி திசையையும் கணக்கில் சேர்த்து, குறியோடு சொல்லிவிடும்:

```
exiftool -n -GPSPosition photo.jpg
```

சரியான குறியோடு தேடினால் அந்த இடம் குவாத்தமாலாவின் ரியோ துல்சே. இசபால் ஏரியின் நீர் ஆறாக வெளியேறும் இடத்தில் இருக்கும் ஊர்.

நம் கண்ணுக்கு வரைபடம் போதும். ஆயிரக்கணக்கான படங்களை நாடு வாரியாகப் பிரிக்கும் மென்பொருளுக்குப் போதாது. அதனிடம் ஒவ்வொரு நாட்டின் எல்லையும் புள்ளிகளை இணைத்த ஒரு மூடிய கோடாக இருக்கும். நம் புள்ளி எந்தக் கோட்டுக்கு உள்ளே விழுகிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. எனவே விடை எவ்வளவு சரி என்பது, அந்தக் கோட்டை எவ்வளவு நுணுக்கமாக வரைந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பலரும் பயன்படுத்தும் ‘நேச்சுரல் எர்த்’ என்ற இலவச வரைபடத் தொகுப்பின் மிகச் சிறிய பதிப்பில் சிங்கப்பூரே கிடையாது. அதை வைத்துக்கொண்டு செரங்கூன் சாலையில் எடுத்த படத்துக்கு நாடு தேடினால் சரியான விடை வர வழியே இல்லை. கடற்கரைப் படங்களுக்கும் இதே கதிதான். கோடு கரடுமுரடாக இருந்தால் மணலில் நிற்பவர் கடலில் நிற்பதாகக் கணக்காகும்.

மெக்காஃபி விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. பெலீஸின் தெற்கு எல்லையான சார்ஸ்டூன் ஆறு அங்கிருந்து வடக்கே சுமார் 25 கிலோமீட்டர். படத்தில் இருந்த 29.4, 31.8 ஆகிய இரண்டு வினாடிக் கணக்குகளும் நிமிடத்தின் நூறில் ஒரு பங்கு என்ற அளவுக்குச் சரியாகப் பொருந்துகின்றன (0.49, 0.53 நிமிடம்). அட்சரேகையில் அது சுமார் 18 மீட்டர். ஜிபிஎஸ் இன்னும் நூறு மீட்டர் பிசகியிருந்தாலும் நாடு மாறாது. அதே போன் ஆற்றங்கரையில் இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. போதாததற்கு, அந்த ஆற்றுக்கு வடக்கே உள்ள பெலீஸின் தென்பகுதிக்கு குவாத்தமாலா நெடுங்காலமாக உரிமை கோருகிறது. வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எந்த அரசின் வரைபடத்தை வைத்துத் தேடுகிறோம் என்பதையும் பொறுத்து, எக்ஸிஃபில் ஓர் எழுத்துகூட மாறாமல் நாடு மட்டும் மாறலாம்.

படம் வெளியான பிறகு மெக்காஃபி ஒரு போடு போட்டார்: துரத்துபவர்களைத் திசைதிருப்ப அந்த எண்களைத் தானே மாற்றிவைத்ததாகச் சொன்னார். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் அது நடக்கக்கூடியதே. இருப்பிடத்தைப் படித்த அதே கருவியால் ஒரே வரியில் அதை மாற்றியும் எழுதலாம், எழுதியதற்கு அடையாளம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதனால் நிபுணர்கள் மற்ற விவரங்களையும் ஒப்பிடுவார்கள். ஜிபிஎஸ் குறிக்கும் நேரம் உலகப் பொது நேரம். கேமரா குறிக்கும் நேரம் உள்ளூர் நேரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சொல்லப்பட்ட நாட்டுக்குப் பொருந்த வேண்டும். இந்தியாவில் எடுத்த படமென்றால் ஐந்தரை மணி நேரம். விமானத்திலிருந்து இறங்கியதும் எடுக்கும் படத்தில் சில சமயம் புறப்பட்ட ஊரின் பழைய இருப்பிடமே பதிவாகிவிடும். அதையும் இந்த ஒப்பீட்டில் பிடிக்கலாம், ஏனென்றால் ஜிபிஎஸ் நேரம் பல மணி நேரம் பின்தங்கி நிற்கும். ஆனால் பெலீஸுக்கும் குவாத்தமாலாவுக்கும் கடிகாரம் ஒன்றுதான். மெக்காஃபி சொன்னது பொய் என்று நேரத்தை வைத்து யாராலும் நிரூபித்திருக்க முடியாது. படத்தில் தெரிந்த மரம், கட்டடம் ஆகியவற்றை அந்த இடத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்த்திருக்க வேண்டும். அதற்கு அவசியம் வரவில்லை. அடுத்த நாளே குவாத்தமாலாவில் இருப்பதை அவரே ஒப்புக்கொண்டார். டிசம்பர் 5-ஆம் தேதி, சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்ததாக அவரைக் கைது செய்தார்கள். ஒரு வாரத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்று உங்கள் கையில் கிடைக்கும் படத்தில் இந்த எண்கள் இல்லாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஃபேஸ்புக்கில் ஏற்றிய படத்தையோ வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தையோ சேமித்துப் பார்த்தால் இருப்பிடம் இருக்காது; அவை அதை நீக்கிவிடுகின்றன. ஸ்கிரீன்ஷாட்டிலும் இருக்காது. இருப்பிடம் 0, 0 என்று வந்தால் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கினி வளைகுடாவில் எடுத்த படம் என்று நம்பிவிட வேண்டாம். பெரும்பாலும் அது ஜிபிஎஸ் கிடைக்காத இடத்தில் ஏதோ மென்பொருள் பூஜ்யத்தை நிரப்பிவைத்தது. நாடு தெரிய வேண்டுமானால், எடுத்தவரிடம் படத்தை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’ ஆகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு மாறாமல் வரும், எண்களும் கூடவே வரும்.